நூத்தம்பத்திமூணு மீன்

1983 மே மாதம் மலைமேல் நடந்த வாலிபர் முகாமில் நான் எழுதிய முதல் பாட்டு மூன்றாவது சரணத்தைப் பார்க்கவில்லை. அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழாசிரியர். “தமிழ் வாத்தியார்தானே, கேம்ப் ஃபயருக்கு ஒரு பாட்டு எழுதிடுங்க” என்று முகாம் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். விசுவாசம், நட்பு, சேவை என்று முகாமின் தலைப்பு மூன்று சொல்லாக அதில் இருந்தது. மூன்றையும் அப்படியே பாட்டில் போட்டேன். விசுவாசத்தில் வேரூன்றுவோம், நட்பினில் நாளும் வளருவோம், சேவையில் சிறந்தோங்குவோம். மோனை ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பகலில் ஹாலில் ஹார்மோனியம் வைத்துப் பழகியபோது கணீரென்று வந்தது. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தோம்.

இரவு தீயைச் சுற்றி உட்கார்ந்ததும்தான் விஷயம் தெரிந்தது. தீயைப் பார்த்து உட்கார்ந்து தாளை முகத்துக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தாளின் முதுகில் விழும். எழுத்து இருக்கிற பக்கம் இருட்டு. படிக்க வேண்டுமானால் தீக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நடுவில் அருமையாகத் தீ எரிகிறது, சுற்றி அறுபது பேர் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு ஆளுக்கொரு தாளை முறைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் சரணம் முடிவதற்குள் பாடுகிறவர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள். அந்த நாலில் ஒருவன் நான்.

சமையலுக்கு வந்திருந்த அண்ணாச்சி மறுநாள் காப்பி ஊற்றும்போது சொன்னார்: “வாத்தியாரே, பாட்டு நல்லாத்தான் இருந்துது. என்ன, கல்யாண நோட்டீஸ வாசிச்ச மாதிரி இருந்துது.”

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷத்தில் நாற்பதுக்கு மேல் முகாம் பாட்டு எழுதியிருப்பேன். பாதிக்கு மேல் அந்தந்த முகாமோடு செத்துப்போயின. தாள் கொடுக்கிற பழக்கத்தை அந்த ஆண்டோடு விட்டேன். தாள் இல்லையென்றால் பாட்டை வேறு மாதிரிதான் கட்ட வேண்டும். ஒருவன் ஒரு வரி பாட, கூட்டம் ஒரு வரி திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் வரி ஒரே தடவை கேட்டதும் வாயில் ஒட்ட வேண்டும். நாற்று நடவிலும் கும்மியிலும் வில்லுப்பாட்டிலும் நம் ஊரில் எப்போதும் இருந்த முறைதான் இது. தமிழ் படித்த எனக்கு அது பாடப்புத்தகத்தில் இருந்ததே தவிரக் காதில் இல்லை.

காதுக்கு வந்தது மதுரையில். அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பரட்டை’. கிராமத்து மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாட்டு கட்டியவர். 2005இல் காலமானார். பாடுகிற சனம் பாட்டை மாற்றிக்கொள்ளலாம், மாற்ற முடிந்தால்தான் அது சனத்தின் பாட்டு என்பது அவருடைய பிடிவாதம். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாட வேண்டும் என்று அடி வாங்கி வளர்ந்தவன் நான். எனக்கு அது முதலில் அபசாரமாகத்தான் பட்டது. ஆனால் பேச்சுத் தமிழில் ஒரு வரியைப் பாடினால் கூட்டத்துக்கு நினைவு வைக்க வேண்டிய வேலையே இல்லை என்பதை அங்கேதான் கண்டேன். ‘வளருவோம்’ என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். ‘வாரியளா’ என்பது ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

பறையையும் நான் அங்கிருந்துதான் முகாமுக்குக் கொண்டுவந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு முகாமில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “சாவுக்கு அடிக்கிறத ஆண்டவர் சமூகத்துக்குக் கொண்டு வாரியா?” என்று கேட்டார். அது மேளத்தைப் பற்றிய கேள்வி இல்லை, மேளத்தை யார் அடிக்கிறார்கள் என்பதைப் பற்றிய கேள்வி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று இரவு கிட்டார் மட்டும்தான் வாசித்தோம். மலைப் பனியில் ஒரு பக்கம் குளிர்ந்து, தீயில் ஒரு பக்கம் காய்ந்து, மூன்றாவது பாட்டுக்குள் அதன் கம்பிகள் சுருதி இறங்கிவிட்டன. பறைக்கு அந்தச் சங்கடமே கிடையாது. தோல் தளர்ந்தால் தீயில் காட்டி வாட்ட வேண்டும், அவ்வளவுதான். தீயைச் சுற்றிப் பாடுவதற்கென்றே செய்த கருவி அது. அந்தப் பெரியவரின் பேரன் இப்போது முகாமில் பறை அடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

சுருதியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல பாட்டுகள் பலவும் இங்கேதான் விழுகின்றன. முகாமில் பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள் இருப்பார்கள். பாதிப் பேருக்குத் தொண்டை உடைந்துகொண்டிருக்கும். மேலே போனால் கீச்சென்று வரும். பக்கத்தில் பெண் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கீச்சிடுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் கூட்டம் பாடுகிற பகுதியை ச-வுக்கும் ப-வுக்கும் நடுவிலேயே வைத்துவிடுவேன். ஐந்து சுரம் போதும். ஒன்று அல்லது இரண்டு கட்டையில் பிடித்தால் பையன்கள் கீழ் ஸ்தாயியிலும் பிள்ளைகள் மேல் ஸ்தாயியிலும் சுகமாகப் பாடலாம். தவறு செய்கிறவன் எப்போதும் முன்பாட்டுக்காரன்தான். உற்சாகத்தில் நாலு கட்டையில் ஆரம்பித்துவிடுவான். இரண்டாம் சரணத்தில் கைதட்டல் ஓங்கி, குரல் குறைகிறதா? சுருதி மேலே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே இறக்கப் பார்க்கக் கூடாது. மேளத்தை மட்டும் ஒரு சுற்று விட்டு, அந்த இடைவெளியில் இறக்கிப் பிடிக்க வேண்டும்.

கீபோர்டு வந்தது, ஜெனரேட்டர் வந்தது, பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. போனில் வரியைப் பார்த்துப் பாடினார்கள். அறுபது முகத்தில் நீல வெளிச்சம். 1983இல் தீக்கு முதுகு காட்டினார்கள் என்றால் இப்போது தலை குனிந்தார்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் மாண்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு கோடையில் மலைமேல் தீ மூட்டுகிற பேச்சை நான் எடுக்கவில்லை. மே மாதச் சருகில் ஒரு பொறி போதும். மறு ஆண்டு முகாமைத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்கு மாற்றினோம். பணி ஓய்வு பெற்றிருந்தேன். பாட்டு எழுத நேரம் இருந்தது. தலைப்பு? அதே விசுவாசம், நட்பு, சேவை. முப்பத்தாறு வருஷம் கழித்து அந்தத் துண்டுச் சீட்டு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை மூன்று சொல்லையும் பாட்டுக்குள் விடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். மூன்றும் நடக்கிற ஒரு கதை வேண்டும். கடற்கரையில் உட்கார்ந்து தேடினால் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் தானாக வருகிறது. ஏழு சீஷர்கள் இரவு முழுக்க வலை விட்டு ஒன்றும் பிடிக்கவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். வலப்புறம் வலையைப் போடச் சொல்கிறார். நூற்றைம்பத்துமூன்று பெரிய மீன். கரைக்கு வந்தால் கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு, அப்பம் வைத்துக் காத்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்தபின் பேதுருவிடம் மூன்று தரம் ஒரே கேள்வி. நீ என்னை நேசிக்கிறாயா? நேசித்தால் என் ஆடுகளை மேய். இதே பேதுரு, சில நாளுக்கு முன் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் இன்னொரு கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவன். நம்புவதும் கூட உட்கார்ந்து தின்பதும் எழுந்து வேலைக்குப் போவதும் ஒரே தீயைச் சுற்றி நடக்கிறது.

முதல் பகுதியை ஒரு மத்தியானத்தில் கட்டினேன். தகிட தகிட என்று கும்மி நடை. வரிக்கு நாலு தட்டு. கூட்டத்தின் வரி ‘ஒண்ணுங் கெடைக்கல ஐலசா’ என்று வைத்திருந்தேன். கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கெடைக்கலன்னு நாங்க சொல்ல மாட்டோம் சார். பாடு இல்லம்போம்.”

மீன்பாடு. கடற்கரையில் எல்லோரும் சொல்லுகிற சொல். எனக்கும் தெரிந்த சொல்தான், தோன்றவில்லை. அதைப் போட்டதும் பாட்டே வேறாகிவிட்டது. தட்டுக்குள் சொல் கச்சிதமாக உட்கார்ந்தது. பாடு என்றால் மீன், பாடு என்றால் பாட்டு, சபைத் தமிழில் பாடு என்றால் ஆண்டவர் பட்ட பாடும்தான். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நான் விளக்கவில்லை. விளக்கினால் பிரசங்கம் ஆகிவிடும். பாட்டு இப்படி அமைந்தது:

ராத்திரி பூரா வல விட்டோம்
— பாடில்ல பாடில்ல ஐலசா
கரமேல நின்னு யாரு கேக்கா?
— பாடிருக்கா பாடிருக்கா ஐலசா
வலப்பக்கம் வலய விட்டுப் பாத்தோம்
— பாடிருக்கு பாடிருக்கு ஐலசா
எத்தன மீனு?
— நூத்தம்பத்திமூணு!

கூட்டத்தின் வரியைப் பாருங்கள். மூன்று தடவையும் ஒரே மெட்டு, சொல்லின் வால் மட்டும் மாறுகிறது. இல்ல, இருக்கா, இருக்கு. ஒரு வரியைக் கற்றுக்கொண்டவன் மூன்றையும் கற்றுக்கொண்டான். கதை நகர்வதும் அந்த வாலில்தான். ‘சா’வை நெடிலாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. நாலாவது தட்டில் குரல் நிற்கிறது. நிற்கிற இடத்தில் குறில் வந்தால் கூட்டம் அதை இழுக்க முடியாமல் அறுத்துவிடும், அடுத்த வரிக்கு ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள். ‘மூணு’வை ‘மூணூ’ என்று அவர்களே நீட்டிக்கொண்டார்கள். அந்த எண்ணைக் கத்துவதற்காகவே திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள்.

விறகையும் பாட்டோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பனையோலையும் தென்னமட்டையும் குப்பென்று பிடித்து ஆள் உயரம் எரியும், சீக்கிரம் தணிந்துவிடும். கருவை விறகு மெல்லப் பிடித்து, கங்காகி வெகு நேரம் கிடக்கும். அடியில் கருவையை அடுக்கி, மேலே ஓலையைப் போட்டோம். ஓலை எரிகிற வரைக்கும் மீன் பாட்டு, குதி, கூச்சல். ஓலை அடங்கிக் கங்கு சிவந்தபின் அதே மெட்டைப் பாதி வேகத்தில் எடுத்தேன். பறையை நிறுத்திவிட்டோம். அலைச் சத்தம் மட்டும்.

முத்தத்துத் தீயில குளிர் காஞ்சான்
— தெரியாதுன்னான் மூணு தரம்
கரையோரத் தீயில மீன் சுட்டார்
— பிரியமான்னார் மூணு தரம்

இதை மூன்றே தடவை பாடினோம். நாலாவது தடவை பாடினால் உருக்கம் காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

கடைசிப் பகுதி சேவைக்கு. ஆடு மேய்ப்பது என்றால் முகாமில் என்ன? அண்டா கழுவுவதுதான். அறுபது எழுபது பேர் தின்ற சட்டிகளை மறுநாள் காலையில் யாராவது தேய்க்க வேண்டும். எல்லா முகாமிலும் சேவையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது பாத்திரத்தைச் சமையலுக்கு வந்த அம்மாமார்தான் தேய்ப்பார்கள். அதனால் பாட்டிலேயே ஆள் பிடிக்க ஏற்பாடு செய்தேன். வரியில் ஒரு ஓட்டை விட்டேன். முன்பாட்டுக்காரன் அதில் ஒரு பெயரைப் போட வேண்டும்.

(பெயர்) நாளைக்கு அண்டா கழுவ
— கூட ஆரு? கூட ஆரு?

இதற்கு அந்த ஆளின் சிநேகிதன் ஒருவன் எழுந்து “நான் வாரேன்!” என்று கத்த வேண்டும். நட்பும் சேவையும் ஒரே வரியில் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பெயர் இரண்டு தட்டுக்குள் அடங்க வேண்டும். ஜான் என்றால் ‘ஜானூ’ என்று நீட்டலாம், எஸ்தர்ராணி என்றால் கொஞ்சம் விரட்ட வேண்டும். அந்த விரட்டலுக்கும் சிரிப்பு வந்தது. ஐந்து பெயர், ஆறு பெயர், பாட்டு பறந்தது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பேர் எழுந்து நான் நான் என்றார்கள்.

ஏழாவதாக ஒரு பையன் பெயரைச் சொன்னேன். அப்பாவுக்கு மாற்றலாகி அந்த ஆண்டுதான் ஊருக்கு வந்தவன். அதிகம் பேசமாட்டான். கூட்டம் “கூட ஆரு? கூட ஆரு?” என்று கேட்டது. யாரும் எழவில்லை. பறை இரண்டு தட்டு தட்டியது. இன்னும் இரண்டு. கெட்ட எண்ணத்தால் இல்லை, அடுத்தவன் எழுவான் என்று ஒவ்வொருவனும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் “நான் வாரேன்” என்று கத்தினேன். அதைவிடக் கேவலமாக ஒன்றைச் செய்திருக்க முடியாது. சிநேகிதன் இல்லாதவனுக்கு வாத்தியார் துணை என்று அத்தனை பேர் முன்னாலும் எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. அவன் சிரித்தான். கங்கு வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

காலையில் இரண்டு பேரும் அண்டா தேய்த்தோம். அடிப்பிடித்த சோற்றைத் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துச் சுரண்டினோம். வெகு நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் கேட்டான்: “சார், இன்னைக்கு ராத்திரியும் அந்தப் பாட்டு உண்டா?”

ஆசையில் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரே ஒரு இடத்தை மாற்றினேன். முன்பாட்டுக்காரன் பெயர் சொல்லுவான். கூட்டம் “கூட ஆரு?” என்று கேட்காது. கேள்வியையும் முன்பாட்டுக்காரனே கேட்பான். கூட்டம் முழுவதும் “நாங்க வாரோம்! நாங்க வாரோம்!” என்று சொல்லும். தட்டு அதேதான், மெட்டு அதேதான். சிநேகிதனை எழுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கிற சுவாரசியம் போயிற்று, உண்மைதான். இரவு அவன் பெயரை நான் சொல்லவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பையன் ஒருவன் முன்பாட்டுக்கு வந்து, நாலாவது பெயராக அவன் பெயரைச் சொன்னான். அறுபது பேரும் வாரோம் என்றார்கள். மறுநாள் அண்டா பக்கம் உட்கார இடமில்லை, பாதிப் பேர் நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். வேலை என்று பார்த்தால் மூன்று பேர் செய்ததுதான்.

அந்தப் பாட்டு இப்போது நான் போகாத முகாம்களிலும் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு ஊரில் கேட்டேன். மெட்டு கொஞ்சம் சினிமாப் பக்கம் சாய்ந்திருந்தது. அண்டாவுக்குப் பதில் கக்கூஸ் கழுவ என்று போட்டிருந்தார்கள், அது என் வரியைவிட நன்றாகவே இருந்தது. எழுதியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு துடிப்பான தம்பி, விளையாட்டு சேரட்டும் என்று, “நாங்க வாரோம்” என்பதை “நான் வாரேன்” என்று ஆக்கி, ஆளை எழுந்து கத்த வைத்திருந்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மெட்டை மாற்றுங்கள், அண்டாவை மாற்றுங்கள், மீன் கணக்கைக்கூட உங்கள் இஷ்டம். அந்த ‘நாங்க’வில் மட்டும் கை வைக்காதீர்கள்.